240 நாள் என்னும் பூட்டு: தீப்பெட்டி ஆலைப் பெண்களின் பணிக்கொடைக் கணக்கு

கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆலைகளில் ஆறு, ஏழு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு விலகும் பெண்கள் பணிக்கொடை கேட்டுச் சென்றால் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் கேட்கிறார்கள். "வருசத்துக்கு 240 நாள் வந்திருக்கணும். ஒனக்கு அஞ்சு வருசமும் அப்படி இல்லையே." கணக்குப்பிள்ளை வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டுகிறார். மழைக்கு நின்ற நாட்கள், விதைப்புக்குப் போன நாட்கள், பிள்ளை பெற்ற மாதங்கள் எல்லாம் அதில் வெற்றுக் கட்டங்களாகத் தெரிகின்றன. எண்ணிப் பார்த்தால் 240 வராது. திரும்பி வந்துவிடுகிறார்கள்.

அந்தப் பதிலில் உள்ள 240 என்ற எண் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது இருக்கும் இடம் வேறு, அது செய்யும் வேலையும் வேறு. தொழிலாளியை வெளியே நிறுத்துவதற்காக வைத்த பூட்டு அல்ல அது. முதல் வாசல் வழியாக நுழைய முடியாதவருக்காகத் திறந்து வைத்த இரண்டாவது வாசல். இந்த வேறுபாட்டை இங்கே விரிவாக எழுதுகிறோம். கரிசல் நிலத்துத் தலித் பெண்களில் பெரும் எண்ணிக்கையினர் குச்சி அடுக்குவதிலும் பெட்டி அடைப்பதிலும் பிழைப்பவர்கள். வேலையை விட்டு நிற்கும் நாளில் அவர்களுக்குக் கையில் கிடைக்கக்கூடிய ஒரே பெரிய தொகை பெரும்பாலும் இதுவே.

பணிக்கொடை வழங்கல் சட்டம் 1972ஆம் ஆண்டினது. ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ச்சியாகப் பணியாற்றிய ஒருவர் ஓய்வு பெற்றாலும், தாமாகவே விலகினாலும், நீக்கப்பட்டாலும் அவருக்குப் பணிக்கொடை உண்டு என்கிறது அது. தானாக நின்றவருக்குக் கிடையாது என்று சொல்வது தவறு. இறந்துவிட்டாலோ, விபத்தினாலோ நோயினாலோ வேலை செய்ய முடியாத உடற்குறை ஏற்பட்டாலோ ஐந்து ஆண்டு நிபந்தனையே இல்லை. மருந்து முக்கும் அறையில் தீப்பிடித்து ஒருவர் இறந்தால், அவர் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தாலும் குடும்பத்தினர் பணிக்கொடை கோரலாம். இழப்பீடு வேறு, இது வேறு. ஒன்றைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி மற்றதை மறுக்க முடியாது.

இனி, 'தொடர்ச்சியான பணி' என்ற சொல்லுக்கு வருவோம். முழு வழக்கும் இந்தச் சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

அச்சட்டத்தின் 2ஏ பிரிவு இச்சொல்லுக்கு இரண்டு விளக்கங்களை அடுத்தடுத்துத் தருகிறது. முதலாவது விளக்கத்தின்படி, இடையறாத பணியில் இருக்கும் ஒருவர் தொடர்ச்சியான பணியில் இருக்கிறார். உடல்நலக் குறைவு, விபத்து, விடுப்பு, விடுப்புச் சொல்லாமல் வராமல் இருத்தல், ஆலை தற்காலிகமாக வேலை கொடுக்காதிருத்தல், வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் குற்றமில்லாமல் வேலை நின்றுபோதல் ஆகியவற்றால் இடையில் நாட்கள் விட்டுப்போயிருந்தாலும் பணி இடையறாததாகவே கொள்ளப்படும். இங்கே எந்த எண்ணும் இல்லை. 240 இல்லை, 200 இல்லை. உறவு அறுபடாமல் இருந்ததா என்பது மட்டுமே கேள்வி.

இரண்டாவது விளக்கம், முதலாவதில் அடங்காதவர்களுக்கு உரியது. ஒருவருடைய பணி அப்படி இடையறாததாக இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், அவர் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால் அந்த ஓராண்டு முழுவதும் தொடர்ச்சியான பணியில் இருந்தவராகவே அவரைக் கருத வேண்டும். சுரங்கத்தின் அடியில் வேலை செய்பவர்களுக்கும், வாரத்தில் ஆறு நாட்களுக்கும் குறைவாக இயங்கும் நிறுவனங்களில் உள்ளவர்களுக்கும் இந்த எண் 190. பருவகால ஆலைகளில், ஆலை இயங்கிய நாட்களில் முக்கால் பங்கு. அழைத்தால் வந்து அழைக்காவிட்டால் வீட்டில் இருக்கும் பதிலி ஆட்களுக்கும் தற்காலிகக் கூலிகளுக்கும் இந்த வாசல்தான் பெரும்பாலும் உதவும்.

ஆலை நிர்வாகங்கள் முதல் வாசல் இருப்பதையே சொல்லாமல் இரண்டாவதன் எண்ணை எல்லாருக்கும் நிபந்தனையாக்கிவிடுகின்றன. இதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. சட்டம் முதலில் எழுதப்பட்டபோது இருந்த சொற்களை வைத்து, லட்சுமி விஷ்ணு ஜவுளி ஆலைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. நிரந்தரத் தொழிலாளியாக இருந்தாலும் விடுப்பின்றி வராமல் இருந்து ஓராண்டில் 240 நாட்கள் உண்மையாக வேலை செய்யவில்லை என்றால் அந்த ஆண்டு கணக்கில் வராது என்றும், பதிலிகளுக்கும் அதே அளவுகோல்தான் என்றும் அது கூறியது. இந்த விளைவைச் சரிசெய்யவே நாடாளுமன்றம் 1984இல் சட்டத்தைத் திருத்தி 2ஏ பிரிவைச் சேர்த்தது. விடுப்புச் சொல்லாமல் வராத நாட்களும் பணியை அறுக்காது என்று அப்போது தெளிவாக எழுதப்பட்டது. ஒரே ஒரு விலக்கு மட்டும் வைத்தார்கள். நிலையாணைகளின்படியோ, நிறுவனத்தை ஆளும் விதிகளின்படியோ அந்த வராமையைப் பணிமுறிவாகக் கருதி நிர்வாகம் முறையாக ஓர் ஆணை பிறப்பித்திருந்தால் மட்டுமே அது முறிவு. 1981இன் கணக்கை நாற்பது ஆண்டுகள் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கும் கணக்குப்பிள்ளைகளிடம் அந்த ஆணை எங்கே என்று கேட்க வேண்டும். பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறித்திருப்பது ஆணை ஆகாது.

கரிசல் பகுதியில் இந்த விலக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த மண்ணின் பஞ்சாங்கமே காரணம். புரட்டாசி கடைசியிலும் ஐப்பசியிலும் வடகிழக்குப் பருவமழை விழுந்தால்தான் இங்கே விதைப்பு. உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம், கம்பு எல்லாம் அந்த ஈரத்தை நம்பியவை. அதே மழைதான் தீப்பெட்டித் தொழிலுக்கு எதிரி. ஈரக்காற்றில் குச்சி காயாது, மருந்து உலராது. கையால் செய்யும் சிறு ஆலைகள் அந்த வாரங்களில் பாதி ஆளுக்கு வேலை கொடுக்கின்றன, சில நாட்கள் கதவையே திறப்பதில்லை. ஆலையில் வேலை இல்லாததால் பெண்கள் களையெடுக்கப் போகிறார்கள். வேலை இருக்கும்போதும் சொந்தக்காரர் நிலத்திலோ குத்தகை நிலத்திலோ விதைப்பு வந்துவிட்டால் சொல்லிக்கொள்ளாமல் பத்து நாள் நின்றுவிடுகிறார்கள். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே வெற்றுக் கட்டம்தான். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு. முன்னது தொழிலாளியின் குற்றமில்லாமல் வேலை நின்றது, பின்னது விடுப்பின்றி வராமை. முன்னது எந்நிலையிலும் பணியை முறிக்காது. பின்னது, முறையான ஆணை இருந்தால் மட்டுமே முறிக்கும்.

2020 மார்ச் 25இல் தொடங்கிய பொதுமுடக்கமும் முன்னதன் வகையைச் சேர்ந்ததே. மூலப்பொருள் விலை ஏறிவிட்டது என்று 2022 ஏப்ரலில் உற்பத்தியாளர்களே ஆலைகளை மூடிய நாட்களும் அப்படித்தான். முதலாளிகள் தம் கோரிக்கைக்காக ஆலையை மூடிவிட்டு, அந்த நாட்களைத் தொழிலாளியின் கணக்கிலிருந்து கழிப்பதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாமே அமைத்த கணக்கு. எண்கள் யாரோ ஒருவருடையவை அல்ல. ஆனால் இந்தப் பகுதியில் வாழ்பவர்களுக்கு அந்நியமாகவும் தோன்றாது.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வேனில் சென்றுவந்த ஒரு பெண், 2018 ஜூன் 11ஆம் நாள் ஓர் ஆலையில் பெட்டி அடைக்கும் வேலையில் சேர்கிறார். துண்டுக்கூலி. 2025 மார்ச் 29ஆம் நாள் விலகுகிறார். அவருடைய பணியாண்டு ஒவ்வொன்றும் ஜூன் 11இல் தொடங்கும். முதல் ஆண்டில் 262 நாட்கள் வேலை. இரண்டாம் ஆண்டில் பொதுமுடக்கம் குறுக்கிட்டதால் 198. மூன்றாம் ஆண்டில் விதைப்புக்காக ஒரு மாதம் சொல்லாமல் நின்றதில் 231. நான்காம் ஆண்டில் குழந்தை பிறந்தது. 26 வாரம் மகப்பேற்று விடுப்புப் போக, அவர் ஆலைக்கு வந்தது 120 நாட்கள். ஐந்தாம் ஆண்டில் 251, ஆறாம் ஆண்டில் 248. ஏழாம் ஆண்டில் ஒன்பது மாதமும் 19 நாளும் பணியில் இருந்து, 225 நாட்கள் வேலை செய்தபின் விலகினார்.

நிர்வாகத்தின் கணக்கு எளிது. 240ஐத் தாண்டியவை முதல், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகள். ஆக மூன்று ஆண்டுதான். ஐந்து இல்லை, பணிக்கொடை இல்லை.

இரண்டாவது வாசலை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தாலும் இந்தக் கணக்கு பிழை. வேலை செய்த நாட்கள் என்பதில் என்னென்ன சேரும் என்று சட்டமே சொல்கிறது. நிலையாணைப்படியோ தொழிற்தகராறுச் சட்டப்படியோ வேலை கொடுக்காமல் நிறுத்திவைத்த நாட்கள், முழு ஊதியத்துடன் எடுத்த விடுப்பு, வேலையின்போது நேர்ந்த விபத்தால் தற்காலிகமாக முடங்கிய நாட்கள், மகப்பேற்று விடுப்பு ஆகிய நான்கும் வேலை செய்த நாட்களே. மகப்பேற்று விடுப்புக்கான வரம்பு 26 வாரம். எனவே நான்காம் ஆண்டின் 120 நாட்களுடன் 26 வாரத்தைச் சேர்க்க வேண்டும். ஞாயிறுகளைத் தள்ளி வாரத்துக்கு ஆறு நாளாகக் கொண்டாலும் 156 நாட்கள் கூடி 276 ஆகிறது. நான்காம் ஆண்டும் தேறிவிட்டது. இப்போது நான்கு ஆண்டுகள் ஆயின. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள் இந்த வாசல் வழியாக உள்ளே வரவில்லை. கடைசித் துண்டும் 240ஐ எட்டவில்லை. ஆகவே இரண்டாவது வாசலோடு நின்றால் இவர் ஐந்தைத் தொடமாட்டார்.

முதல் வாசலுக்குப் போகும்போதுதான் வழக்கு நேராகிறது. 2018 ஜூன் முதல் 2025 மார்ச் வரை அவர் அதே ஆலையின் தொழிலாளி. யாரும் அவரை நீக்கவில்லை, அவரும் விலகவில்லை. இரண்டாம் ஆண்டில் வேலை நின்றது அவர் குற்றமன்று. மூன்றாம் ஆண்டின் ஒரு மாதத்துக்குப் பணிமுறிவு ஆணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. நான்காம் ஆண்டில் எடுத்தது விடுப்பு. எனவே ஆறு ஆண்டு ஒன்பது மாதமும் ஒரே தொடர்ச்சியான பணி. நாட்களை எண்ண வேண்டிய தேவையே எழவில்லை.

தொகை எவ்வளவு? நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். கடைசியில் மிஞ்சும் துண்டு ஆறு மாதத்துக்கு மேற்பட்டிருந்தால் அதுவும் ஓராண்டாகக் கொள்ளப்படும். இவருக்கு ஏழு ஆண்டு. மாதச் சம்பளக்காரருக்கு கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து ஒருநாள் ஊதியம் காண்பார்கள். துண்டுக்கூலிக்கு, விலகுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் பெற்ற மொத்தக் கூலியின் சராசரி. மிகைநேரக் கூலி இதில் சேராது. அந்த மூன்று மாதங்களில் 78 நாள் வேலை செய்து 23,400 ரூபாய் பெற்றார் என்று கொண்டால் ஒருநாளுக்கு 300 ரூபாய். 15 நாளுக்கு 4,500. ஏழு ஆண்டுக்கு 31,500 ரூபாய். உச்சவரம்பு 20 லட்சம் என்பதெல்லாம் இவருக்குத் தொலைதூரச் செய்தி. ஆனால் இந்த 31,500 ரூபாய் ஒரு கடனை அடைக்கும், ஒரு பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்.

கடைசி மூன்று மாதம் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. இவர் வெயில் காலமான மார்ச்சில் விலகினார். ஆலை முழு வீச்சில் ஓடும் பருவம். டிசம்பரில் விலகியிருந்தால் ஈரக் காலத்தின் மெலிந்த கூலியே அடிப்படையாகியிருக்கும். விலகும் நாளைத் தாமே தேர்ந்தெடுக்கக்கூடியவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

நான்கு ஆண்டும் சில மாதமும் ஆனவர்களின் நிலை என்ன என்று அடிக்கடி நம்மிடம் கேட்கப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் கூறியது இங்கே உதவும். நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்துவிட்டால், அந்த ஐந்தாம் ஆண்டும் முழு ஆண்டாகக் கருதப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். இரண்டாவது வாசலின் எண் தொழிலாளிக்குத் துணையாக வேலை செய்யும் இடம் இது. நான்கு ஆண்டு பத்து மாதத்தில் ஆளை நிறுத்திவிட்டு ஐந்து ஆகவில்லை என்று சொல்லும் நிர்வாகத்துக்குத் தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். ஆனால் 240 என்பது வேலை செய்த நாட்களின் எண்ணிக்கை. எட்டு மாதம் கடந்துவிட்டது என்பது மட்டும் போதாது.

நான்கு ஆண்டு பத்து மாதத்தில் நிறுத்துவது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. இதன் இன்னொரு வடிவம், தீபாவளிக்கு முன் போனசோடு சேர்த்து 'கணக்கு முடிப்பது'. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்துப் புது எண்ணில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அந்தத் தாளில் பெரும்பாலும் 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், எனக்குச் சேரவேண்டியது அனைத்தும் பெற்றேன்' என்று இருக்கும். இந்த இடைவெளியை நிர்வாகமே உண்டாக்கியது என்று காட்ட முடிந்தால் அது தொழிலாளியின் குற்றமில்லாமல் வேலை நின்றதாகவே ஆகும். பணிக்கொடை உரிமையை ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுக்க முடியாது என்பதற்கும் 14ஆம் பிரிவு இருக்கிறது. ஆயினும் அந்தக் கையெழுத்து வழக்கை நீட்டித்துவிடும். எல்லாருக்கும் ஒரே வாரத்தில், ஒரே சொற்களில், ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்ட விலகல் கடிதங்கள் இருந்தால் அவற்றைக் கூட்டாக அதிகாரியின் முன் வைப்பதே நல்ல வழி. தனி ஒருவரின் கடிதம் விருப்ப விலகல் போலத் தோன்றும். நாற்பது பேரின் கடிதம் ஒரே அச்சாக இருந்தால் அது தானே பேசும்.

நிரந்தரமாக்கப்படாதவர்களுக்கு இது பொருந்தாது என்று சொல்வதும் உண்டு. சத்தீஸ்கர் மாநில நீர்வளத் துறையில் 22 ஆண்டு தினக்கூலியாகவும் அதன்பின் மூன்று ஆண்டு நிரந்தர ஊழியராகவும் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு, நிரந்தரமாக இருந்த மூன்று ஆண்டு ஐந்துக்குக் குறைவு என்று சொல்லிப் பணிக்கொடை மறுத்தார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தினக்கூலிக் காலமும் சேர்ந்த 25 ஆண்டுமே தொடர்ச்சியான பணி என்றது. நகராட்சிகளில் நீண்ட காலம் தினக்கூலியாக இருந்து பின்னர் நிரந்தரமான தூய்மைப் பணியாளர்களுக்கும் இந்தத் தீர்ப்பு துணையாகும். உள்ளாட்சி அமைப்புகளுக்கு இச்சட்டம் 1982ஆம் ஆண்டு அறிவிக்கையின் வழியே பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் கான்பூர் மாநகராட்சி வழக்கில் உறுதிசெய்தது.

இவற்றையெல்லாம் மெய்ப்பிப்பது எப்படி? இங்குதான் பல வழக்குகள் தோற்கின்றன. 240 நாள் வேலை செய்ததாகச் சொல்பவரே முதலில் அதைக் காட்ட வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. தொழிலாளியின் கையில் பதிவேடு இருக்காது என்பதையும் அவை மறந்துவிடவில்லை. எல்லட்டி வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியபடி, தொழிலாளி சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், தன்னிடமுள்ள ஏதேனும் ஒரு தாளையாவது காட்ட வேண்டும், வருகைப் பதிவேட்டையும் ஊதியப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லி மனுச் செய்ய வேண்டும். அதன்பின் நிர்வாகம் பதிவேட்டை மறைத்தால் அதற்கு எதிராக முடிவு செய்ய இடமுண்டு. பதிவேட்டைக் கேட்காமலே இருந்துவிட்டால் அந்த இடம் கிடைக்காது.

ஏதேனும் ஒரு தாள் என்றால் எது? கையில் தருகிற கூலிச் சீட்டைப் பலரும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டு பதிவுகள் ஆலைக்கு வெளியே இருக்கின்றன. ஒன்று ஈஎஸ்ஐ. ஒவ்வொரு மாதமும் எத்தனை நாளுக்குக் கூலி கொடுத்துச் சந்தா கட்டினோம் என்று நிர்வாகமே அதில் பதிந்திருக்கிறது. மற்றது வருங்கால வைப்பு நிதி. அதன் கடவுப் புத்தகம் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இவர் அந்த நிறுவனத்தின் கணக்கில் இருந்தார் என்பதைக் காட்டும். முதல் வாசலுக்கு இரண்டாவது பதிவே அதிகம் பயன்படும். இடையில் ஒரு மாதம் சந்தா இல்லாவிட்டாலும் அதே உறுப்பினர் எண் தொடர்ந்தால் உறவு அறுபடவில்லை என்பதற்கு அது வலுவான அறிகுறி. எண் மாறியிருந்தால், எந்த நாளில் மாறியது என்று உடனே பார்க்க வேண்டும். பல பெண்கள் தாங்கள் 'கணக்கு முடிக்கப்பட்டதை' முதன்முதலாக அறிவது அந்தத் திரையில்தான்.

இரண்டுமே இல்லாதவர்களின் நிலை கடினமானது. வீட்டில் பெட்டி ஒட்டித் தருபவர்கள் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரே முதலாளி, ஒரே லேபிள், ஒரே வேன் என்றிருக்க, உறவினர் பெயர்களில் ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்து நடத்தும் ஆலைகளும் இருக்கின்றன. பத்துப் பேர் வேலை செய்தால் நிறுவனம் சட்டத்துக்குள் வந்துவிடும், வந்தபின் ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது என்பதே இந்தப் பிரிப்புக்குக் காரணம். இவை உண்மையில் ஒரே நிறுவனம் என்று காட்டுவது முடியாத காரியமல்ல. ஆனால் அது தனியே ஒரு வழக்கு.

2025 நவம்பர் 21ஆம் நாள் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு முன் விலகியவர்களின் உரிமை பழைய சட்டத்தின்படியே பார்க்கப்பட வேண்டும். ஐந்து ஆண்டு நிபந்தனை புதிய தொகுப்பிலும் பொதுவாக அப்படியே இருக்கிறது. இரண்டு வாசல்களும் அப்படியே. மாறியது குறித்தகால ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை. எழுத்து ஒப்பந்தத்தில் குறித்த காலம் முடிந்து வெளியேறுபவருக்கு ஐந்து ஆண்டு தேவையில்லை. பணியாற்றிய காலத்துக்கு ஏற்ற விகிதத்தில் பணிக்கொடை தர வேண்டும். ஓராண்டு முடித்தாலே இது உண்டு என்று ஒன்றிய அரசு விளக்கியிருக்கிறது.

இதன் பொருள் கரிசல் காட்டுக்கு நன்கு புரியும். தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து கொங்குப் பகுதி நூற்பாலைகளுக்கு இளம் பெண்களை அழைத்துச் சென்ற சுமங்கலித் திட்டத்தின் காலம் பெரும்பாலும் மூன்று ஆண்டு. முடிவில் ஒரு மொத்தத் தொகை என்று சொல்லப்பட்டது. அது அவர்கள் கூலியிலிருந்தே பிடித்துவைத்த பணம். மூன்று என்ற எண் ஐந்துக்குக் கீழே இருந்ததால் பணிக்கொடை என்ற பேச்சே எழவில்லை. இனி அத்தகைய ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் பணிக்கொடையும் உண்டு. எனவே ஒப்பந்தத்தை எழுதாமலே வாய்ச்சொல்லில் வைத்துக்கொள்வதும், 'பயிற்சியாளர்' என்று பெயரிடுவதும் பெருகக்கூடும் என்று நாம் கருதுகிறோம். பயிற்சி பெறுவோர் சட்டப்படியான பயிற்சியாளருக்குப் பணிக்கொடை இல்லை என்பதால், அந்தப் பெயரைத் தாங்கிய தாளில் கையெழுத்திடும் முன் அது முறையாகப் பதிவான பயிற்சியா என்று கேட்பது அவசியம்.

மறுக்கப்பட்டால் செய்ய வேண்டியது பற்றிச் சில சொற்கள். பழைய சட்டத்தின்படி விலகியவர் முதலில் நிர்வாகத்துக்கு 'ஐ' படிவத்தில் எழுத்து வடிவில் விண்ணப்பிக்க வேண்டும்; நேரில் வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பலாம். முப்பது நாளுக்குள் என்று விதி சொன்னாலும், தாமதமாயிற்று என்பதை மட்டும் காரணமாக்கிக் கோரிக்கையைத் தள்ள முடியாது. பதில் வராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ 'என்' படிவத்தில் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் செல்ல வேண்டும். இதற்கு 90 நாள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் அதன்பின்னும் ஏற்கலாம். விண்ணப்பத்தில் 240 நாள் கணக்கை மட்டும் எழுதாமல், சேர்ந்த நாள் முதல் விலகிய நாள் வரை இடையறாத பணி என்பதை முதலில் எழுதி, 240 நாள் கணக்கை அதற்கு மாற்றாக அடுத்து எழுத வேண்டும். வரிசை மாறினால் நிர்வாகம் இழுக்கிற களத்திலேயே வழக்கு நடக்கும்.

பணிக்கொடை முப்பது நாளுக்குள் தரப்படாவிட்டால், தாமதமான காலத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி சேரும். நிர்வாகம் மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால் தீர்ப்பான தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும். கட்டாமல் இருந்தால் கட்டுப்பாட்டு அதிகாரி மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்ப, ஆட்சியர் அதை நிலவரி நிலுவையைப் போலவே வசூலித்துத் தொழிலாளியிடம் தருவார்.